ஐஓ சார்ட்: ஷிஃப்ட் மாறும்போது கணக்கு எங்க மாறிப்போகுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக்ல ஒரு தோட்டத்து டவுன்ல இருக்கேன், இருபது வருசத்துக்கு மேல மெடிக்கல் வார்டுல மிஸ்ஸியா வேலை செஞ்சவ. புதுசா வார்டுக்கு வந்த தங்கச்சிங்களும், ஆஸ்பத்திரில ஆளை வச்சிக்கிட்டு இருக்குற நம்ம டவுன் சனங்களும் ஐஓ சார்ட், அதான் ஆளுக்கு உள்ள போற தண்ணியையும் வெளிய வர்ற தண்ணியையும் எழுதுற பேப்பர், அதப் பத்தி திரும்பத் திரும்பக் கேட்டத இங்க ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். வர்ற கேஸ்ல ஆளு யாருன்னு தெரியாம இருக்க சில விஷயத்த மாத்திட்டேன்.

அக்கா, சார்ட்டக் கையில எடுத்ததும் மொதல்ல எதப் பாக்கணும்?

கடைசிக் கட்டத்துல இருக்குற நம்பரப் பாக்காதம்மா, எல்லாரும் அங்கதான் போய் நிக்கிறாங்க. மொதல்ல ஷிஃப்டும் ஷிஃப்டும் சேர்ற இடத்தப் பாரு. எங்க வார்டுல காலை 7லருந்து 2, அப்புறம் 2லருந்து ராத்திரி 9, அப்புறம் 9லருந்து மறுநாள் காலை 7. ஒரு ஷிஃப்டுக்குள்ள எழுதுறது ஒரே ஆளு, அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும், அதனால அங்க தப்பு கம்மி. பாஸ் ஓவர் நேரத்துல ஒருத்தர் வீட்டுக்குக் கெளம்புற அவசரத்துல இருப்பாங்க, இன்னொருத்தர் இப்பத்தான் வந்து பேக மாட்டிட்டு நிப்பாங்க, நான் பாத்த பெரிய தப்பெல்லாம் அந்தப் பத்து நிமிசத்துலதான் நடந்திருக்கு.

இன்டேக், அவுட்புட், பேலன்ஸ், ரன்னிங் பேலன்ஸ், நாலும் நாலு விதமா இருக்கே, சுருக்கமா சொல்லுங்க

உள்ள போனது இன்டேக்: குடிச்சது, ட்ரிப், மூக்கு டியூப்ல குடுக்குற பால். வெளிய வந்தது அவுட்புட்: யூரின், வாந்தி, தண்ணியா போற பேதி, டிரெய்ன் டியூப்ல வர்றது. உள்ள போனதுல இருந்து வெளிய வந்தத கழிச்சா அந்த ஷிஃப்டோட பேலன்ஸ். அத முந்தின ஷிஃப்ட் வரைக்கும் இருந்த கணக்கோட சேர்த்தா ரன்னிங். எங்க வார்டுல காலை 7 மணிக்கு சார்ட்ட மூடி மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிப்போம், சில இடத்துல நடுராத்திரி 12க்கு மூடுவாங்க. வேற வார்டுல இருந்து ஆள் மாறி வந்தா இத மொதல்ல கேட்டுக்கணும், இல்லன்னா ஒரே ராத்திரிய ரெண்டு நாள் கணக்குலயும் போட்டுருவீங்க.

மைனஸ்னா கெட்டது, ப்ளஸ்னா நல்லது, அப்படித்தானே?

இல்ல. மைனஸ்னா உள்ள போனத விட வெளிய வந்தது அதிகம், அவ்வளவுதான். இதயம் பலவீனமாகி கால் வீங்கி மூச்சு வாங்குறவருக்கு யூரின் நல்லா போக வைக்கிற லாசிக்ஸ் ஊசி போடுறதே மைனஸ் வரணும்னுதான். அதே மைனஸ் வயித்துப்போக்குல காய்ஞ்சு வந்த ஆளுக்கு வந்தா பயப்படணும். அதனால டாக்டர் இந்த ஆளுக்கு எந்தப் பக்கம் போகணும்னு எதிர்பாக்குறாருன்னு தெரியாம சார்ட்ட செக் பண்ணவே முடியாது.

ஒரு முழு கேஸ் எடுத்து மூணு ஷிஃப்டையும் எப்படி செக் பண்றதுன்னு காட்டுவீங்களா?

காட்டுறேன், இத மட்டும் பொறுமையா படிங்க.

ஒரு தாத்தா, கித்தா மரம் சீவின ஆளு, இதயம் சரியில்லாம ரெண்டு காலும் வீங்கி வந்தாரு. சிபிடி, அதான் யூரின் டியூப், போட்டிருந்துச்சு. லாசிக்ஸ் ஊசி காலை 8க்கும் சாயங்காலம் 6க்கும். நெஞ்சுல சளிக்கு கிருமி மருந்து 100 எம்எல் ட்ரிப்ல கலந்து மூணு வேளை. மறுநாள் காலையில நான் டூட்டிக்கு வந்தப்ப சார்ட் இப்படி இருந்துச்சு:

காலை: உள்ள 450, வெளிய 600, பேலன்ஸ் −150, ரன்னிங் −150
மத்தியானம்: உள்ள 400, வெளிய 1150, பேலன்ஸ் −750, ரன்னிங் −600
ராத்திரி: உள்ள 200, வெளிய 500, பேலன்ஸ் −300, ரன்னிங் −900

பேலன்ஸ் கட்டத்த ஒவ்வொண்ணா கழிச்சுப் பாத்தா மூணுமே சரி. அதுக்கப்புறம் நான் எப்பவும் செய்யறது, ரன்னிங் கட்டத்தக் கையால மறைச்சிட்டு மூணு இன்டேக்கையும் கூட்டுவேன், மூணு அவுட்புட்டையும் கூட்டுவேன். உள்ள போனது 1050. வெளிய வந்தது 2250. கழிச்சா −1200. கைய எடுத்துப் பாத்தா சார்ட் −900ன்னு சொல்லுது. நாள் சைபர்ல ஆரம்பிச்சா இந்த ரெண்டு நம்பரும் ஒண்ணாத்தான் இருக்கணும், இல்லன்னா ரன்னிங்ல எங்கயோ வழுக்கிருச்சுன்னு அர்த்தம்.

வித்தியாசம் 300. அது 150ல ரெண்டு மடங்கு, 150 காலை ஷிஃப்டோட பேலன்ஸ். மைனஸ் 150அ யாரோ ப்ளஸ் 150ன்னு எடுத்துக்கிட்டாங்க, 150ல இருந்து 750 போனா −600, அதத்தான் மத்தியானக் கட்டத்துல எழுதியிருக்காங்க. கோடு போட்ட பேப்பர்ல சின்னதா போட்ட மைனஸ், கோட்டோட சேந்து மறைஞ்சிருக்கு. குறி மாறினா வித்தியாசம் எப்பவும் அந்த நம்பர்ல ரெண்டு மடங்காத்தான் வரும், அதனால வித்தியாசத்த பாதியாக்கி அந்த நம்பர் சார்ட்ல எங்க இருக்குன்னு தேடுனா இடம் சீக்கிரம் கிடைச்சிரும்.

அப்ப −900அ −1200ன்னு திருத்திட்டா முடிஞ்சது தானே?

இல்லம்மா, அப்படி திருத்தியிருந்தா அந்தத் தாத்தாவோட உண்மை நிலைமைல இருந்து இன்னும் தூரமா போயிருப்போம். கூட்டல் சரி ஆகியிருக்கும், எழுதின நம்பர் தப்பாவே இருந்திருக்கும்.

மத்தியான ஷிஃப்டோட அவுட்புட் 1150. அது எப்படி வந்துச்சுன்னு உள்ள போய் பாத்தேன்: 5 மணிக்கு யூரின் 800, 9 மணிக்கு 250, நடுவுல வாந்தி 100. அந்த 800தான் உறுத்துச்சு. காலையில 7லருந்து 2 வரைக்கும், லாசிக்ஸ் போட்டும், ஏழு மணி நேரத்துல 600, அதாவது மணிக்கு 85 மாதிரி. அப்புறம் 2லருந்து 5க்குள்ள மூணே மணி நேரத்துல 800னா மணிக்கு 265க்கு மேல. ஊசி சாயங்காலம் 6க்குத்தானே, நரம்புல போடுற லாசிக்ஸ் வேலை செய்யறது சுமாரா ரெண்டு மணி நேரம்தான், காலை 8 மணி ஊசி மத்தியானம் 3 மணிக்கு இந்தத் தள்ளு தள்ளாது. 6 மணி ஊசிக்கு அப்புறமே 250தான் வந்திருக்கு. பின்ன 800 எங்கருந்து வந்துச்சு?

காலை ஷிஃப்ட் பக்கத்த மறுபடி பாத்தேன். 2 மணிக்கு யூரின் 600ன்னு இருக்கு, யூரின் பேக் காலி பண்ணினதா எழுதல. காலை ஷிஃப்ட் தங்கச்சிக்கு போன் போட்டுக் கேட்டேன், பாவம், ஆமா அக்கா, பேக்ல கோட்டப் பாத்து எழுதுனேன், புதுசா ஒரு கேஸ் அட்மிஷன் வந்துச்சு அதனால ஊத்தலன்னுச்சு. ஆக அந்த 600 பேக்லயேதான் இருந்திருக்கு. மத்தியான மிஸ்ஸி 5 மணிக்கு மொத்தமா ஊத்தி அளந்து 800ன்னு எழுதுனாங்க, அவங்க மேலயும் தப்பில்ல, அவங்க அளந்தது உண்மையிலயே 800. ஆனா அதுல 600 ஏற்கனவே எழுதினது, புதுசு 200தான்.

இப்ப மத்தியான அவுட்புட் 200, 250, 100 சேர்த்து 550. பேலன்ஸ் 400ல இருந்து 550 போனா −150. ரன்னிங் −300. ராத்திரி −300 சேர்த்தா −600. மறுபடி மொத்தமா கூட்டிப் பாத்தேன்: உள்ள 1050, வெளிய 1650, −600. இப்ப ரெண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்துச்சு.

சார்ட்ல −900, கூட்டலத் திருத்தினா −1200, உண்மை −600. ரவுண்டு வர்ற டாக்டர் −1200ன்னு பாத்தா தண்ணி நல்லா இறங்குது, ஊசிய கொறைக்கலாம்னு யோசிக்கலாம், ஆனா தாத்தா கால் இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு.

எடை வச்சு செக் பண்ணலாம்னு சொல்றாங்களே, அது சரியா வருமா?

அந்தத் தாத்தாவுக்கும் அதத்தான் பாத்தேன். முந்தின நாள் காலை 58.4 கிலோ, அன்னைக்கு 57.9. அரை கிலோ கொறைஞ்சிருக்கு. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அதனால −600க்கு இது பக்கத்துல வருது, −1200க்கு வரல.

ஆனா எடையும் சார்ட்டும் எம்எல் சுத்தமா ஒத்து வரணும்னு நெனைக்காதீங்க. மூச்சுலயும் தோல் வழியாவும் ஒரு நாளைக்கு சுமாரா அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர் வரைக்கும் போகுது, காய்ச்சல் இருந்தா இன்னும் கூட, அது சார்ட்ல வராது. சோறு, காய், பழத்துல உள்ள தண்ணியும் சார்ட்ல வராது. இது ரெண்டும் ஓரளவுக்கு ஒண்ண ஒண்ணு ஈடு கட்டும், முழுசா கட்டாது. அதனால இருநூறு முந்நூறு வித்தியாசத்துக்கு எடைய வச்சு சண்டை போட முடியாது. அரை லிட்டருக்கு மேல இழுத்துச்சுன்னா, இல்ல சார்ட் ஒரு பக்கமும் எடை இன்னொரு பக்கமும் ரெண்டு மூணு நாளா போச்சுன்னா அப்ப நின்னு தேடணும். எடை பாக்குறதும் ஒரே தராசு, ஒரே நேரம், பசியாறுறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணியில பாத்தாத்தான். சாரோங்ல ஒரு நாள், ஜாக்கெட் போட்டு ஒரு நாள்னு நிறுத்தினா அந்த நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

யூரின் பேக் விஷயத்துல இந்தத் தப்பு வராம இருக்க என்ன பண்றது?

ஷிஃப்ட் முடியிறப்ப ஊத்தி, ஜக்ல அளந்து, எழுதிட்டுப் போங்க. பேக்ல உள்ள கோடு குத்துமதிப்புக்குத்தான், பேக் சாஞ்சிருந்தா நூறு எம்எல் கூட கொறைய காட்டும். நிஜமாவே ஊத்த நேரம் இல்லன்னா, 600ன்னு எழுதி பக்கத்துலயே ஊத்தலன்னு ஒரு வார்த்தை எழுதுங்க, பாஸ் ஓவர்ல வாயாலயும் சொல்லுங்க. வாங்கிக்கிற ஆளு பெட் பக்கத்துல போய் பேக்க கண்ணால பாக்கணும், கவுன்டர்ல உக்காந்து பேப்பர மட்டும் வாங்குனா இது தெரியாது.

ட்ரிப் 500 பாட்டில் மத்தியானம் 1 மணிக்கு மாட்டுனாங்க, அது எந்த ஷிஃப்ட்ல வரும்?

மாட்டினத எழுதக்கூடாது, உள்ள போனத எழுதணும். மணிக்கு 80ன்னு ஓடுனா 2 மணி வரைக்கும் 80 காலை ஷிஃப்டுக்கு, மிச்சம் 420 அடுத்தவங்களோடது. ஒருத்தர் மாட்டினப்பவே 500 எழுதி, இன்னொருத்தர் முடிஞ்சப்ப 500 எழுதி, ஒரு பாட்டில் ரெண்டு பாட்டில் ஆனத நான் பாத்திருக்கேன். பம்ப் இருந்தா பம்ப் காட்டுற அளவ எடுத்துக்கிட்டு, பாட்டில்ல மிச்சம் இருக்குறதையும் ஒரு தடவ பாருங்க, ரெண்டும் சேர்ந்து 500 வரணும்.

சார்ட்ல யூரின் கட்டத்துல பியூ 2ன்னு மட்டும் எழுதியிருக்கு, இத எப்படி கூட்டுறது?

கூட்டவே முடியாது. ரெண்டு தடவ போனாருன்னு அர்த்தம், ரெண்டு எம்எல் இல்ல, அதுக்காக சைபரும் இல்ல. இத சைபரா எடுத்து கூட்டினா ஆளு தண்ணி சேர்த்து வச்சிருக்குற மாதிரி ப்ளஸ் காட்டும். அந்த ஷிஃப்டோட டோட்டலுக்குப் பக்கத்துல அளக்காதது ரெண்டு தடவன்னு எழுதி, அந்த நாள் பேலன்ஸ் முழுசு இல்லன்னு டாக்டர்கிட்ட சொல்லிருங்க. 200 இருக்கும் 300 இருக்கும்னு நாமளா ஒரு நம்பர் போடுறது எனக்கு சுத்தமா பிடிக்காது, ஏன்னா ஒரு தடவ எழுதிட்டா அடுத்த ஷிஃப்டுக்கு அது அளந்த நம்பரா யூகிச்ச நம்பரான்னு தெரியாது.

நடந்து டாய்லெட் போறவங்கன்னா யூரினல் இல்ல ஜக் குடுத்து, பேர் எழுதி வைங்க. பம்பர்ஸ் போட்டவங்களுக்கு தராசு போதும்: காஞ்ச பம்பர்ஸ் 90 கிராம், ஈரமானது 480 கிராம்னா வித்தியாசம் 390, அது 390 எம்எல்னு எழுதலாம். மலமும் சேந்து இருந்தா அதையும் எழுதிருங்க, அப்ப அது சுத்த யூரின் கணக்கு இல்ல.

மிஸ்ஸி, நாங்க வீட்டுல இருந்து கொண்டு போறதையும் சொல்லணுமா? கொஞ்சம்தானே குடுக்கிறோம்

கட்டாயம் சொல்லணும்மா, கோவிச்சுக்க மாட்டோம். நம்ம சனங்க பாசத்துல ஃப்ளாஸ்க்ல கஞ்சித் தண்ணி, கடையில பூங்குஸ் கட்டின தே ஓ, இளநீன்னு கொண்டு வருவாங்க. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான்னு டாக்டர் சொன்ன ஆளுக்கு ஒரு பாக்கெட் 300 எம்எல்னா அதுவே கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. சார்ட்ல வராததால அன்னைக்கு கணக்கு நல்லா மைனஸ்ல தெரியும், மறுநாள் கால் வீக்கம் கொறையாது, ஏன்னு யாருக்கும் புரியாது.

எதெல்லாம் கணக்குன்னா, அறையில வச்சா தண்ணியா ஆகுறது எல்லாமே: மைலோ, சூப்பு, ஐஸ்கிரீம், ஜெல்லி. ஐஸ் கட்டி சுமாரா பாதி, ஒரு கப் நிறைய ஐஸ் உருகினா அரை கப் தண்ணி. கெட்டியா வடிச்ச சோறு கணக்குல வராது, கஞ்சித் தண்ணி வரும். வீட்டு டம்ளர் ஒண்ணு எவ்வளவு பிடிக்கும்னு ஒரு தடவ அளந்து வச்சிக்கங்க, என் வீட்டு சில்வர் டம்ளர் 250 பிடிக்குது, வார்டு கப் 180தான். எத்தன மணிக்கு, எத்தன டம்ளர்னு சொன்னா போதும், மிச்சத்த நாங்க எழுதிக்குவோம். இளநீ மட்டும் குடுக்குறதுக்கு முன்னாடியே கேளுங்க, அதுல பொட்டாசியம் அதிகம், கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஆபத்து.

தப்பு கண்டுபிடிச்சிட்டா சார்ட்ட எப்படி திருத்துறது? புது பேப்பர்ல எழுதிடலாமா?

வேணாம். லிக்விட் பேப்பரும் வேணாம். பழைய நம்பர் படிக்கிற மாதிரி ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியான நம்பர், கையெழுத்து, தேதி, மணி. டாக்டர் நேத்து பழைய நம்பரப் பாத்து மருந்து எழுதியிருந்தா, எதப் பாத்து எழுதுனாருன்னு தெரியணும் இல்லையா. இன்னொரு ஷிஃப்டோட நம்பர்னா, அளந்த ஆளக் கேக்காம மாத்தாதீங்க. தாத்தா கேஸ்ல நான் போன் போட்டுக் கேட்டுட்டு, நர்சிங் ரிப்போர்ட்ல ஏன் 800அ 200 ஆக்குனேன்னு ரெண்டு வரி எழுதுனேன். ஒரு கட்டத்த மாத்தினா அதுக்குக் கீழ உள்ள எல்லா ரன்னிங்கும் மாறும், அத மறந்துட்டு மேல மட்டும் திருத்தி விட்டுட்டுப் போறவங்க நெறைய பேரு.

அப்புறம் எம்ஓவ, அதான் வார்டு டாக்டர, கூப்பிட்டு சொல்லணும், ரவுண்டு வரட்டும்னு காத்திருக்காதீங்க. நான் சொன்னப்ப எம்ஓ சார்ட்ட வாங்கிப் பாத்துட்டு நேரா தாத்தாகிட்ட போயி கால அமுக்கிப் பாத்தாரு, நெஞ்சுல வச்சுக் கேட்டாரு, ரத்தத்துல உப்பும் கிட்னியும் பாக்க அனுப்பினாரு, அதுக்கப்புறம்தான் லாசிக்ஸ் பத்தி முடிவு பண்ணாரு. ஊசிய அன்னைக்கு கொறைக்கல.

ஷிஃப்ட் மாறுறப்ப இவ்வளவும் செக் பண்ண நேரம் இருக்குமா அக்கா?

முப்பது பெட்டுக்கும் இருக்காது. அதனால யாருக்கு முக்கியம்னு பிரிச்சுக்க: லாசிக்ஸ் போடுறவங்க, கிட்னி கேஸ், டிங்கி, ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க. அவங்களுக்கு மூணு டோட்டலையும் கூட்டிக் கழிச்சுப் பாக்க ஒரு நிமிசம், பேக்க நேர்ல பாக்க அரை நிமிசம். சந்தேகம் வந்தாத்தான் ஒவ்வொரு நம்பரா உள்ள போகணும். சிபிடி போட்டவங்களுக்கு யூரின் திடீர்னு நின்னுருச்சுன்னா, கணக்கு போடுறதுக்கு முன்னாடி டியூப் மடிஞ்சிருக்கா, அடைச்சிருக்கா, ஆளு டியூப் மேலயே படுத்திருக்காரான்னு போர்வையத் தூக்கிப் பாரு. அது எல்லாம் சரியா இருந்தும் மணிக்கு, எடை ஒரு கிலோவுக்கு அரை எம்எல்க்கு கீழ போகுதுன்னா, 58 கிலோ தாத்தாவுக்கு மணிக்கு 29, ஷிஃப்ட் முடியட்டும்னு நிக்காம டாக்டர உடனே கூப்பிடு.